நேர்காணலுக்கு மூன்றரை மணி நேரம்

தண்ணீர்மலைப் பக்கத் தனியார் பள்ளியில் பிள்ளைக்குக் காலை 10 மணிக்கு நேர்காணல். உங்களுக்கோ பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை. "கொஞ்ச நேரம் வெளியே போய்வரட்டுமா?" என்று கேட்டால், எதற்குத் தலையாட்டுகிறோம் என்று சூப்பர்வைசருக்கே தெரியாது. பள்ளி அனுப்பிய கடிதத்தைப் படமெடுத்து, கூடவே இப்படி எழுதுங்கள்:

"சார், வியாழக்கிழமை மகளுக்குப் பள்ளி நேர்காணல். 9 மணிக்குக் கிளம்பி 12.30க்குத் திரும்பிவிடுவேன். அதுவரை என் வேலையைப் பக்கத்து லைன் நண்பர் பார்த்துக்கொள்வார், பேசிவிட்டேன். அந்த நேரத்தை இன்னொரு நாள் ஈடுகட்டலாமா, அரை நாள் லீவில் கழித்துவிடுவீர்களா?"

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். மலேசியாவின் 1955 வேலைச் சட்டத்தில் இதுபோன்ற சில மணி நேர அனுமதி உரிமையாக இல்லை. நிறுவனம் மனம்வைத்துத் தருவதுதான். முதல் இரண்டு ஆண்டுகளில் ஆண்டு விடுப்பே குறைந்தது 8 நாள் என்பதால் அரை நாளும் பெரிது. பதில் எழுத்தில் இல்லாவிட்டால், சம்பளச் சீட்டில் பிடித்தம் வந்த பிறகுதான் விஷயம் தெரியும்.

2023 முதல் நடப்பில் உள்ள நெகிழ்வு வேலை ஏற்பாட்டு விண்ணப்பத்தை இதற்கு நம்ப வேண்டாம். பதில் சொல்ல முதலாளிக்கு 60 நாள் அவகாசம் உண்டு.