பிள்ளைகள் வேண்டாம் என்றால் கடை யாருக்கு?

திருவண்ணாமலையில் அருணாசலேஸ்வரர் கோயிலைச் சுற்றியுள்ள பழைய கடைகளில் கல்லாவில் பெரியவர் உட்கார்ந்திருப்பார். சாமான் எடுத்துக் கொடுப்பது, விலை சொல்வது, கொள்முதல் பார்ப்பது எல்லாம் இருபது வருஷமாகக் கூடவே இருக்கும் பணியாளர்தான். பையன் பெங்களூருவில், பொண்ணு வேலூரில். "எனக்கு வேண்டாம்ப்பா, நீங்களும் விட்டுட்டு வந்துடுங்க" என்று பையன் சொல்லியாச்சு. கடையை அந்தப் பணியாளரிடமே கொடுத்துவிடலாம் என்று பெரியவர் மனதில் முடிவும் செய்துவிட்டார். ஆனால் காகிதத்தில் ஒன்றும் இல்லை.

இப்படியே விட்டால் என்ன ஆகும்? தனி உரிமையாளர் கடை என்றால் சட்டத்தின் கண்ணில் கடையும் உரிமையாளரும் ஒன்றுதான். உயில் எழுதாமல் அவர் காலமானால், இந்து குடும்பத்தில் மனைவி, மகன், மகள், அவருடைய தாயார் இருந்தால் அவருக்கும் சம பங்கு. சரக்கும் வங்கிப் பணமும் அதில் அடக்கம். இருபது வருஷம் உழைத்தவருக்கு அதில் ஒரு விளக்குத் திரி கூட உரிமை இல்லை. வாய்வார்த்தை அங்கே நிற்காது.

முதலில், பிள்ளைகளிடம் நேராகக் கேட்டுவிடுங்கள். "வேண்டாம்" என்பதும் மாறக்கூடிய பதில்தான். பிஸ்லரி தண்ணீர் நிறுவனத்தின் ரமேஷ் சௌஹான், மகளுக்குத் தொழிலில் ஆர்வம் இல்லை என்று சொல்லி 2022 நவம்பரில் டாடா கன்ஸ்யூமர் நிறுவனத்துடன் விற்பனைப் பேச்சில் இருந்தார். 2023 மார்ச்சில் அந்தப் பேச்சு நின்றுபோனது. அதன்பின் நிறுவனத்தை நடத்தப்போவது மகள் ஜெயந்தி என்று அறிவிப்பு வந்தது. அவ்வளவு பெரிய இடத்திலேயே இப்படி என்றால் நம் வீட்டில் ஒருமுறை உட்கார்ந்து பேசுவதில் தப்பில்லை.

இனி ஒரு உதாரணக் கடையை எடுத்துக்கொள்வோம். பித்தளை விளக்கு, பூஜைச் சாமான் கடை. கட்டடம் பெரியவர் சொந்தமாகச் சம்பாதித்து வாங்கியது. முன்னோர் வழி வந்த சொத்தாக இருந்தால் பிள்ளைகளுக்கும் அதில் பங்கு இருக்கலாம். அதை வக்கீலிடம் முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இங்கே எளிய வழி, கட்டடத்தையும் வியாபாரத்தையும் பிரிப்பது. கட்டடம் பெரியவரிடமே இருக்கும், பிறகு பிள்ளைகளுக்குப் போகும். வியாபாரம் மட்டும் பணியாளருக்கு. பிள்ளைகளுக்குச் சொத்து போய்விட்டதே என்ற வருத்தம் வராது. பணியாளருக்கும் கட்டடம் வாங்கும் அளவுக்குப் பணம் தேவைப்படாது.

விலை எப்படி? கொள்முதல் விலையில் சரக்கு 9 லட்சம். வியாபாரிகளுக்குத் தரவேண்டிய பாக்கி 2 லட்சம். மீதி 7 லட்சம். கடையின் பெயருக்கும் வாடிக்கையாளர்களுக்கும் 2 லட்சம் என்று இருவரும் ஒத்துக்கொள்கிறார்கள். ஆக 9 லட்சம். பணியாளர் 2 லட்சம் முன்பணம் தருகிறார், 7 லட்சம் தவணையில். கட்டட வாடகை மாதம் 15,000.

மாதம் 20,000 தவணை என்று வைத்தால் வாடகையோடு 35,000 ஆகிறது. கடையில் சராசரியாக மாதம் 55,000 மிஞ்சினால் பணியாளர் கையில் 20,000 நிற்கும். இவர் வாங்கிய சம்பளம் 18,000. காகிதத்தில் சரி. ஆனால் இந்த ஊர் வியாபாரம் சராசரியில் நடப்பதில்லை, கார்த்திகை தீபத்தை ஒட்டித்தான் கல்லா நிறையும். ஆடியில் 35,000 கட்டச் சொன்னால் கடன் வாங்கித்தான் கட்டுவார். அதனால் ஒன்பது மாதம் 15,000, அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்று மாதம் 35,000 என்று எழுதலாம். வருஷத்துக்கு அதே 2,40,000தான். மூன்றாம் வருஷம் முடிவதற்குள் கடன் தீர்ந்துவிடும்.

இப்போது ஜிஎஸ்டி. இங்கேதான் வரிசை தப்புகிறது. ஜிஎஸ்டி பதிவு பான் எண்ணோடு ஒட்டியது, பெயர் மாற்றிக் கொடுக்க முடியாது. பெரியவர் தன் பதிவை முதலில் ரத்து செய்துவிட்டால் கணக்கில் நிற்கும் உள்ளீட்டு வரி வரவு பணியாளருக்குப் போகாது. நம் கடையில் அது 60,000 என்று வைத்துக்கொள்வோம். சரியான வரிசை இது: முதலில் பணியாளர் தன் பான் எண்ணில் புதுப் பதிவு எடுக்கிறார். கடன் பொறுப்புகளும் சேர்ந்தே மாறுகின்றன என்று ஒப்பந்தத்தில் எழுதப்படுகிறது. பெரியவர் gst.gov.in தளத்தில் ITC-02 படிவம் போடுகிறார், பட்டயக் கணக்காளர் சான்றோடு. பணியாளர் தன் லாகினில் அதை ஏற்றுக்கொள்கிறார். அதற்குப் பிறகுதான் REG-16 படிவத்தில் ரத்து. ரத்தான மூன்று மாதத்துக்குள் கடைசி ரிட்டர்ன் GSTR-10.

பணியாளர் பக்கம் ஒரு ஆபத்து உண்டு. வியாபாரம் கைமாறும்போது, மாறிய நாள்வரை பழைய உரிமையாளர் வைத்த ஜிஎஸ்டி பாக்கிக்கு இருவருமே பொறுப்பு என்கிறது சட்டத்தின் 85-வது பிரிவு. முதலாளியைச் சந்தேகப்படுவதா என்று கூச்சப்பட வேண்டாம். அதே தளத்தில் Search Taxpayer பகுதியில் கடையின் எண்ணைப் போட்டால் ரிட்டர்ன் ஒழுங்காகப் போயிருக்கிறதா என்று லாகின் இல்லாமலே தெரியும். நோட்டீஸ் வந்திருக்கிறதா என்பதைப் பெரியவர் தன் லாகினில் காட்ட வேண்டும்.

உத்யம் பதிவும் பான் எண்ணோடு சேர்ந்தது, அதையும் புதிதாக எடுக்கணும், கட்டணம் கிடையாது. மாநகராட்சி தொழில் உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்து மாற்றுங்கள். கல்லா மேல் ஒட்டியிருக்கும் க்யூஆர் ஸ்டிக்கரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது பழையதாகவே இருந்தால் புது முதலாளியின் விற்பனைப் பணம் பெரியவர் கணக்கில் விழும், வரிக் கணக்கு இருவருக்கும் குழம்பும். கைமாற்றும் நாளை ஏப்ரல் 1 என்று வைத்தால் கணக்கு சுத்தமாகப் பிரியும்.

வாடகை ஒப்பந்தத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பதினொரு மாத ஒப்பந்தம் போட்டால், பெரியவருக்குப் பிறகு பிள்ளைகள் "காலி பண்ணுங்க" என்றால் கடையின் பெயருக்கும் வாடிக்கையாளர்களுக்கும் கட்டிய 2 லட்சத்தில் ஒரு பகுதி வீண். ஐந்து வருஷத்துக்கு எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகைக்குப் பதிவு கட்டாயம். tenancy.tn.gov.in தளத்திலும் பதிய வேண்டும். பிள்ளைகள் இருவரையும் சாட்சிக் கையெழுத்துப் போட வைத்தால், பின்னால் "எங்களுக்குத் தெரியாது" என்ற பேச்சு வராது. தவணை பாக்கி இருக்கும்போது பெரியவர் தவறிவிட்டால் மிச்சப் பணம் யாருக்குச் சேர வேண்டும் என்பதை உயிலில் எழுதிவைக்கணும்.

இது சொந்தக் கட்டடத்துக்கான வழி. கடை கோயிலுக்குச் சொந்தமான இடத்தில் இருந்தால் கதை வேறு. அந்த வாடகை உரிமை உங்களுக்கும் கோயிலுக்கும் நடுவில் உள்ளது, உங்கள் விருப்பத்துக்கு இன்னொருவருக்கு எழுதித்தர முடியாது. அனுமதி இல்லாமல் இருப்பவரையும், குத்தகைக் காலம் முடிந்தும் இருப்பவரையும் ஆக்கிரமிப்பாளர் என்றே இந்து சமய அறநிலையத் துறைச் சட்டத்தின் 78-வது பிரிவு சொல்கிறது. அதனால் பணியாளரிடம் ஒரு ரூபாய் வாங்கும் முன் கோயில் அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டு, எழுத்துமூலம் பதில் வாங்குங்கள். அனுமதி கிடைக்கவில்லை என்றால் சரக்கையும் பெயரையும் மட்டும் கொடுத்து, பணியாளர் வேறு இடத்தில் கடை போடுவதாகவே கணக்குப் போட வேண்டும். அப்போது பெயருக்கான அந்த 2 லட்சத்தைக் குறைத்துத்தான் பேசணும், ஏனென்றால் பாதி வாடிக்கையாளர்கள் இடத்தைத் தேடித்தான் வருகிறார்கள்.