மானிட்டரை ஷூட் பண்ணும்போது வர்ற கருப்புப் பட்டைகள்

போன மாசம் எங்க ப்ராஜெக்ட் டெமோ வீடியோவுக்கு ஹாஸ்டல் ரூம்ல ஒரு ஷாட் வச்சோம். மானிட்டர்ல டேஷ்போர்டு ஓடுது, பக்கத்துல உட்கார்ந்து டீம்மேட் விளக்குறான். முகம் தெளிவா விழுந்துச்சு, ஆனா ஸ்க்ரீன் வெறும் வெள்ளைச் சதுரம். சரி, வெளிச்சத்தைக் குறைப்போம்னு மானிட்டர் ப்ரைட்னஸை 20-க்கு இறக்கினோம். டேஷ்போர்டு தெரிஞ்சுது, கூடவே கருப்புப் பட்டைகள் மேலிருந்து கீழா ஊர ஆரம்பிச்சுது. மறுநாள் காலையில சப்மிஷன். அந்த ராத்திரி கத்துக்கிட்டதுதான் இது.

முதல்ல, பட்டை ஏன் வருது? ஃபோன் கேமரா முழு ஃப்ரேமையும் ஒரே நொடியில பிடிக்கிறதில்ல. மேல் வரிசையில தொடங்கி ஒவ்வொரு வரிசையா கீழே வாசிக்குது. எல்லா வரிசைக்கும் ஷட்டர் நேரம் ஒண்ணுதான், தொடங்குற நேரம்தான் வேற வேற. இப்போ ஆர்டுவினோல எல்.இ.டி.யை `analogWrite` வச்சு மங்கலாக்குவோமே, ஞாபகம் இருக்கா? நிறைய மானிட்டர்கள் ப்ரைட்னஸைக் குறைக்கிறதும் அதே வித்தைதான். பேக்லைட்டை வேகமா அணைச்சு அணைச்சு எரிய விடுது. அது நொடிக்கு 240 தடவைன்னு வச்சுக்குவோம். ஷட்டர் 1/50-னா ஒரு வரிசைக்கு 240 ÷ 50 = 4.8 துடிப்பு. அரைகுறைத் துடிப்பு கிடையாதில்லையா, அதனால சில வரிசைக்கு 4 வரும், சிலதுக்கு 5 வரும். அந்த வித்தியாசம்தான் பட்டை.

ப்ரைட்னஸ் 100-ல இருந்தா பெரும்பாலான மானிட்டர்ல பேக்லைட் அணையாம எரியும், பட்டையும் போயிடும். உங்க மானிட்டர் எப்படின்னு தெரிஞ்சுக்க, வெள்ளைப் பக்கம் ஒண்ணைத் திறந்து, ப்ரைட்னஸைக் குறைச்சு, ஷட்டரை 1/2000 வச்சு ஒரு ஃபோட்டோ எடுங்க. கோடு கோடா விழுந்தா துடிப்பு இருக்கு. விழலைன்னா ப்ரைட்னஸைத் தாராளமா குறைச்சுக்கலாம், உங்களுக்கு யோகம்தான்.

அடுத்த சிக்கல் ரூம் லைட். நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதனால சாதாரண டியூப் லைட், மலிவான எல்.இ.டி. பல்பு எல்லாம் நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். ஷட்டர் 1/50-னா ஒவ்வொரு வரிசைக்கும் சரியா 2 சுற்று, சுவர் சுத்தமா விழும். ஆனா மானிட்டர் 60 ஹெர்ட்ஸ். அதுக்குப் பொருந்துறது 1/60. அப்படி வச்சா லைட்டுக்கு 1.67 சுற்றுதான் கிடைக்கும், சுவர்ல பட்டை வரும். ரெண்டுல ஒண்ணுக்கு எப்பவும் அடி விழும். இதுக்கு நாங்க மானிட்டரையே ஊர் கரண்டுக்கு மாத்திட்டோம்:

```
Settings > System > Display > Advanced display
```

அங்கே 50 Hz இருந்தா அதைத் தேர்ந்தெடுங்க. ஃபோன்ல ப்ரோ வீடியோ மோடுக்குப் போய் 25 எஃப்.பி.எஸ்., ஷட்டர் 1/50 வச்சு லாக் பண்ணுங்க. ஆட்டோவுல விட்டா நடுவுல அதுவே ஷட்டரை மாத்தி வேலையைக் கெடுத்துடும். 50 Hz காட்டாத மானிட்டர்னா 30 எஃப்.பி.எஸ்., 1/60 வச்சு, லைட்டை அணைச்சுட்டு ஜன்னல் வெளிச்சத்துல பகல்ல எடுங்க. சூரியனுக்கு ஹெர்ட்ஸ் கிடையாது.

இப்போ வெளிச்சத்தைச் சமன் பண்றது. ஷட்டர் 1/50-லயே இருக்கட்டும், ஐ.எஸ்.ஓ.வை மட்டும் மாத்திப் பாருங்க. எங்களுக்கு முகம் சரியா விழ 800 தேவைப்பட்டுச்சு. ஸ்க்ரீன்ல இருக்கிற வெள்ளை வெளுக்காம இருக்க 100. அதாவது ஸ்க்ரீன் 8 மடங்கு அதிகம். மானிட்டர் ப்ரைட்னஸைத் தொடக் கூடாது, 100-லயே விட்டாச்சு. அப்போ மிச்சம் ரெண்டு வழி.

ஒண்ணு, முகத்துக்கு வெளிச்சத்தைக் கூட்டுறது. முகத்துக்கு வெளிச்சம் தந்துட்டிருந்த டேபிள் லாம்ப் ரெண்டு மீட்டர் தள்ளி இருந்துச்சு, ஒரு மீட்டருக்குக் கொண்டுவந்தோம். தூரம் பாதியானா வெளிச்சம் 4 மடங்கு. முகம் 200-க்கு வந்துடுச்சு. லாம்பை மானிட்டருக்கு முன்னாடி வைக்காம பக்கவாட்டுல வைங்க, இல்லைன்னா ஸ்க்ரீன்ல லாம்போட நிழலாட்டம்தான் தெரியும்.

ரெண்டாவது, ஸ்க்ரீன்ல காட்டுற படத்தையே மங்கலாக்குறது. இது பேக்லைட்டைத் தொடாததால பட்டை வராது. டேஷ்போர்டோட பின்னணியை 255 வெள்ளையில இருந்து சாம்பலுக்கு மாத்தினோம். 128 வச்சா பாதி வெளிச்சம்னு நினைச்சுத் தப்பு பண்ணிடாதீங்க (நான் பண்ணினேன்). காமா வளைவால 128-ல வர்றது சுமார் 22 சதவீத வெளிச்சம்தான். பாதிக்கு 188 வேணும்:

```
background: rgb(188,188,188);
```

ஸ்க்ரீனும் 200-க்கு வந்துடுச்சு. ஐ.எஸ்.ஓ. 200-ல முகம், டேஷ்போர்டு ரெண்டும் ஒரே ஷாட்ல.

ஸ்க்ரீன் மட்டும் நீலமா தெரிஞ்சா அது வெளிச்சப் பிரச்சனை இல்ல. மானிட்டர் 6500K, உங்க லாம்ப் மஞ்சள் பல்பு. லாம்புல 6500K கூல் டேலைட் பல்பை மாட்டி, ஒயிட் பேலன்ஸையும் அதுலயே லாக் பண்ணிடுங்க.

ஓ.எல்.இ.டி. லேப்டாப்புக்கு இந்த 100 ப்ரைட்னஸ் வித்தை முழுசா எடுபடாது. அதுல பேக்லைட்டே கிடையாது, ஒவ்வொரு ரெஃப்ரெஷ்லயும் பிக்ஸல் வெளிச்சம் லேசா இறங்கும். அங்கே ஷட்டரை ரெஃப்ரெஷுக்குப் பொருத்துறதுதான் முக்கியம். எங்க டீம்ல ஒருத்தன்கிட்ட அதுதான் இருக்கு. அவனோட லேப்டாப்பைக் கட்டில்ல வச்சுட்டு லேபோட பழைய மானிட்டரைத் தூக்கிட்டு வந்தோம். ஷாட் முடிஞ்சப்போ மணி 3.40.