பதின்மூன்று இலக்கங்களும் ஒரு பொருளும்: பார்கோடைச் சரியாகப் பயன்படுத்துவது எப்படி?

கடைகளில் விற்கப்படும் பெரும்பாலான பொட்டலங்களின் மீது கறுப்புக் கோடுகளும் அவற்றின் கீழே 13 இலக்கங்களும் அச்சிடப்பட்டிருப்பதைக் காண்கிறோம். பொருளின் பெயர், எடை, விலை ஆகிய அனைத்தும் அந்தக் கோடுகளுக்குள் அடங்கியிருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் கோடுகளில் இருப்பது அவற்றின் கீழே உள்ள அதே எண் மட்டுமே. ஸ்கேனர் அந்த எண்ணைப் படித்துக் கடையின் கணினிக்கு அனுப்புகிறது. பெயரையும் விலையையும் கணினி தன் பொருள் பட்டியலிலிருந்து எடுத்துக் கொள்கிறது. ஆகவே பார்கோடு என்பது ஒரு பொருளுக்கு இடப்பட்ட பெயர் போன்றது. ஒரே பெயர் இரண்டு பொருள்களுக்கு இடப்பட்டால் என்ன குழப்பம் நேருமோ, அதுவே எண் தவறும்போதும் நேர்கிறது.

தயாரிப்புகளைப் பெரிய அங்காடிகளுக்கும் இணைய வணிக நிறுவனங்களுக்கும் வழங்க விரும்பும் சிறு தொழில்முனைவோர் முதலில் சந்திக்கும் கேள்விகளுள் இந்த எண்ணும் ஒன்று. அதன் அமைப்பையும், அது தவறும் விதத்தையும் ஓர் உதாரணத்தின் வழியே காண்போம்.

எண்ணின் அமைப்பு

எலுமிச்சை ஊறுகாய் தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனத்தைக் கற்பனை செய்து கொள்வோம். அதன் 250 கிராம் பாட்டிலுக்குரிய எண் 8901234500125 என்க. இது விளக்கத்திற்காக மட்டும் இங்கே எடுத்துக் கொள்ளப்பட்ட எண்.

முதல் மூன்று இலக்கங்களான 890, அந்த எண் ஜிஎஸ்1 இந்தியா அமைப்பின் வழியாக வழங்கப்பட்டது என்பதைக் குறிக்கின்றன. பொருள் இந்தியாவில் தயாரானது என்பதற்கு இது சான்றன்று. இந்தியாவில் பதிவு செய்த நிறுவனம் வெளிநாட்டில் தயாரித்த பொருளுக்கும் 890 என்றே தொடங்கும் எண்ணை இடலாம். முதல் ஒன்பது இலக்கங்களான 890123450 சேர்ந்து நிறுவனத்தின் முன்னெண்ணாகின்றன. அடுத்த மூன்று இலக்கங்களை, அதாவது 012 என்பதை, நிறுவனமே தன் பொருளுக்கு ஒதுக்குகிறது. மூன்று இலக்கங்கள் இருப்பதால் 000 முதல் 999 வரை ஆயிரம் பொருள்களுக்கு எண் இடலாம். முன்னெண் நீளமாக இருந்தால் பொருள்களுக்குக் கிடைக்கும் இடம் குறையும்.

கடைசியில் உள்ள 5 என்பது சரிபார்ப்பு இலக்கம். அதைக் கணக்கிடும் முறை எளிது. இடப்புறத்திலிருந்து ஒற்றைப்படை இடங்களில் உள்ள 8, 0, 2, 4, 0, 1 ஆகியவற்றைக் கூட்டினால் 15. இரட்டைப்படை இடங்களில் உள்ள 9, 1, 3, 5, 0, 2 ஆகியவற்றைக் கூட்டினால் 20. அதை மூன்றால் பெருக்கினால் 60. இரண்டும் சேர்ந்து 75. இதற்கு அடுத்து வரும் பத்தின் மடங்கு 80. அதை எட்டத் தேவையான 5 தான் சரிபார்ப்பு இலக்கம்.

சரிபார்ப்பு இலக்கம் எதைக் காக்கும், எதைக் காக்காது?

எண்ணைக் கையால் பதிவு செய்யும்போது ஏதேனும் ஓர் இலக்கம் மட்டும் மாறினால் இக்கணக்கு அதனை எப்போதும் காட்டிக் கொடுத்துவிடும். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் பெரும்பாலும் காட்டிக் கொடுக்கும். ஆனால் அவ்விரு இலக்கங்களுக்கும் இடையே வேறுபாடு சரியாக 5 ஆக இருந்தால் தவறு பிடிபடாது. நம் எண்ணில் 5, 0 என்ற இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. அவற்றை மாற்றி 8901234050125 என்று எழுதினாலும் சரிபார்ப்பு இலக்கம் 5 என்றே வரும். கணினி மறுப்பின்றி ஏற்றுக் கொள்ளும். ஆனால் அது வேறொரு நிறுவனத்தின் பொருளாக இருக்கக்கூடும்.

இதைவிடப் பெரிய வரம்பு ஒன்று உண்டு. எண் பிழையின்றி எழுதப்பட்டிருக்கிறதா என்பதை மட்டுமே சரிபார்ப்பு இலக்கம் கூறும். அந்த எண் சரியான பொருளின் மீது ஒட்டப்பட்டிருக்கிறதா என்பதை அது அறியாது. அதிக இழப்பை உண்டாக்கும் தவறுகள் இந்த இடத்தில்தான் நிகழ்கின்றன.

இரு பாட்டில்களுக்கு ஒரே எண்

நம் ஊறுகாய் நிறுவனம் பின்னர் 500 கிராம் பாட்டிலையும் அறிமுகம் செய்கிறது. ஊறுகாய் ஒன்றுதானே என்று எண்ணி, பழைய லேபிளின் வடிவமைப்பை அப்படியே பெரிதாக்கி அச்சிடுகிறார்கள். பார்கோடும் அதனுடன் வந்துவிடுகிறது. சிறிய பாட்டிலின் அதிகபட்ச சில்லறை விலை ரூ.80, பெரியதன் விலை ரூ.150.

ஓர் அங்காடி 48 சிறிய பாட்டில்களையும் 24 பெரிய பாட்டில்களையும் வாங்குகிறது. அதன் பட்டியலில் அந்த எண்ணுக்கு எதிரே ரூ.80 என்று பதிவாகியிருக்கிறது. பெரிய பாட்டிலை ஸ்கேன் செய்தாலும் பில்லில் ரூ.80 என்றே வரும். 24 பெரிய பாட்டில்களும் விற்றுத் தீரும்போது அங்காடி இழந்த தொகை ரூ.1,680. இந்த வேறுபாட்டைக் கண்டறிந்ததும் அங்காடி அத்தொகையைத் தயாரிப்பாளரின் பில்லிலிருந்து கழித்துக்கொள்ள முற்படும். மாறாக, பட்டியலில் ரூ.150 பதிவாகியிருந்தால், சிறிய பாட்டிலை வாங்கியவர் அச்சிட்ட விலையைவிட ரூ.70 கூடுதலாகச் செலுத்தியிருப்பார். பொட்டலப் பொருள்களை அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் விற்பது சட்டமுறை எடையளவு விதிகளுக்குப் புறம்பானது.

இருப்புக் கணக்கும் இதே போல் பாதிக்கப்படுகிறது. கணினி 72 பாட்டில்களை ஒரே பொருளாகக் கருதுகிறது. பெரியவை 24-உம் தீர்ந்தபின் அதன் கணக்கில் இன்னும் 48 இருக்கின்றன. இருப்பு 20-க்குக் கீழே இறங்கும்போதுதான் மறு கொள்முதல் ஆணை செல்லும் என்று அமைத்திருந்தால், பெரிய பாட்டில்கள் வைத்த அடுக்கு காலியாகவே இருக்கும், ஆணை வராது. நன்றாக விற்ற பொருள் விற்பனையாகாத பொருளைப் போலத் தோன்றும்.

நடப்பு மூலதனக் கடன் பெற்றுள்ள நிறுவனங்கள் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிடங்கில் சிறியவை 300, பெரியவை 300 இருப்பதாகக் கொள்வோம். அடக்க விலை முறையே ரூ.45, ரூ.85. சரியான மதிப்பு ரூ.39,000. நிறுவனத்தின் மென்பொருள் 600 பாட்டில்களையும் சிறியவையாக எண்ணினால் மதிப்பு ரூ.27,000 ஆகக் குறையும். பெரியவையாக எண்ணினால் ரூ.51,000 ஆக உயரும். வங்கிக்கு அளிக்கும் சரக்கிருப்பு அறிக்கையில் இந்தத் தொகையே இடம்பெறும். குறைவாகக் காட்டினால் எடுக்கத்தக்க கடன் தொகை சுருங்கும். மிகுதியாகக் காட்டினால், கிடங்குச் சோதனையின்போது கணக்கும் சரக்கும் பொருந்தாமல் விளக்கம் அளிக்க நேரிடும்.

புதிய எண் எப்போது தேவை?

மேற்கண்ட குழப்பத்துக்குத் தீர்வு, 500 கிராம் பாட்டிலுக்கு 013 என்ற அடுத்த எண்ணை ஒதுக்குவதே. அப்போது முழு எண் 8901234500132 ஆகும். கடைசி இலக்கம் 5-லிருந்து 2 ஆக மாறியிருப்பதைக் கவனிக்கவும். பொருளின் எண்ணை மட்டும் கூட்டிவிட்டு, சரிபார்ப்பு இலக்கத்தைப் பழையபடி விட்டுவிட்டால் அந்தக் குறி செல்லாது.

வாங்குபவரும் விற்பவரும் இரு பொருள்களை வேறு வேறாகப் பிரித்தறிய வேண்டுமா என்பதே அடிப்படைக் கேள்வி. நிகர எடை, சுவை, வணிகப் பெயர் ஆகியவற்றுள் ஒன்று வேறுபட்டாலும் தனி எண் வேண்டும். தொகுதி எண்ணோ தயாரிப்புத் தேதியோ மாறுவதற்காகப் புதிய எண் தேவையில்லை. அவை லேபிளில் தனியாக அச்சிடப்படுகின்றன. இதனால், குறிப்பிட்ட ஒரு தொகுதியைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற நேர்ந்தால், 13 இலக்க எண் மட்டும் போதாது. எந்தத் தொகுதி எந்தக் கடைக்குச் சென்றது என்ற பதிவும் இருக்க வேண்டும்.

ஒரு பொருளின் தயாரிப்பை நிறுத்திவிட்டால் அதன் எண்ணை மற்றொரு பொருளுக்கு இடக்கூடாது. இது 2019-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள விதி. பழைய பொருளின் படமும் விவரங்களும் இணைய வணிகப் பட்டியல்களில் நீண்ட காலம் தங்கிவிடுவதால், எலுமிச்சை ஊறுகாயின் எண்ணை மாங்காய் ஊறுகாய்க்கு இட்டால் வாடிக்கையாளருக்கு ஒன்று காட்டப்பட்டு வேறொன்று அனுப்பப்படும்.

பெட்டிக்கும் தனி எண்

24 பாட்டில்கள் அடங்கிய அட்டைப் பெட்டியும் ஒரு வணிக அலகே. அதன்மீது பாட்டிலின் எண்ணையே அச்சிட்டால், அங்காடியின் கிடங்கில் ஸ்கேன் செய்பவர் ஒரு பெட்டியைப் பெற்றபோது கணினி ஒரு பாட்டில் வந்ததாகவே பதியும். ஆகவே பெட்டிக்கு 14 இலக்க எண் இடுவது வழக்கம். பாட்டிலின் எண்ணில் சரிபார்ப்பு இலக்கத்தை நீக்கி, முன்னால் 1 சேர்த்து, சரிபார்ப்பு இலக்கத்தைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். 14 இலக்க எண்ணில் முதல் இலக்கத்தை மூன்றால் பெருக்க வேண்டும் என்பதால், முன்னர் கண்ட 75 உடன் 3 சேர்ந்து 78 ஆகிறது. எனவே கடைசி இலக்கம் 2. பெட்டியின் எண் 18901234500122.

அச்சிடுவதற்கு முன்

எண் சரியாக இருந்தும் குறி படிக்கப்படாமல் போவதுண்டு. கோடுகளின் இருபுறமும் வெற்றிடம் இல்லாமை இதற்குப் பொதுவான காரணம். இயல்பான அளவில் இடப்புறம் சுமார் 3.6 மில்லிமீட்டரும் வலப்புறம் சுமார் 2.3 மில்லிமீட்டரும் வெறுமையாக விட வேண்டும். வெற்றிடத்தையும் சேர்த்து இயல்பான அளவு ஏறத்தாழ 37 மில்லிமீட்டர் அகலமும் 26 மில்லிமீட்டர் உயரமும் ஆகும். அதில் 80 விழுக்காட்டுக்குக் கீழே சுருக்கக் கூடாது. சிவப்புக் கோடுகளைத் தவிர்க்க வேண்டும். பல ஸ்கேனர்கள் சிவப்பு ஒளியில் படிப்பதால், வெள்ளைப் பின்னணியில் உள்ள சிவப்பு அவற்றுக்குத் தெரியாது. சிறிய வட்டப் பாட்டிலில் கோடுகள் ஏணிப்படிகள் போல ஒன்றன்மேல் ஒன்றாக அமையும்படி ஒட்டினால், வளைவில் கோடுகள் மறைவது தவிர்க்கப்படும்.

எண்களைக் குறைந்த விலைக்கு இடைத்தரகரிடம் வாங்குவதிலும் எச்சரிக்கை வேண்டும். அந்த எண்ணின் பதிவு வேறொரு நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கும். இணைய வணிகத் தளம் பதிவேட்டுடன் ஒப்பிடும்போது உங்கள் பொருள் நிராகரிக்கப்படலாம். ஜிஎஸ்1 அமைப்பின் இணையத் தேடலில் எண்ணை உள்ளிட்டு, அது யார் பெயரில் உள்ளது என்பதை முன்னரே அறியலாம். தம் கடைக்குள் மட்டும் எடைபோட்டு விற்பவர்களுக்கு இந்தப் பதிவு தேவையில்லை. 2 என்று தொடங்கும் எண்கள் கடையின் உட்பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்டுள்ளன.

லேபிளின் மாதிரி அச்சகத்திலிருந்து வந்ததும், அதை உண்மையான பாட்டிலில் ஒட்டி, ஸ்கேனரில் வரும் எண்ணை உங்கள் பொருள் பதிவேட்டில் உள்ள எண்ணுடனும், அப்பதிவேட்டில் உள்ள எடையை லேபிளில் உள்ள எடையுடனும் ஒப்பிட்டுப் பாருங்கள். இவ்விரண்டும் பொருந்திய பிறகே முழு அச்சுக்கு ஒப்புதல் அளியுங்கள்.