பூட்டில் இல்லை கோளாறு

அன்புள்ள வாசகருக்கு,

வராந்தாவில் இருக்கும் மடக்கு கேட் பற்றி எழுதியிருந்தீர்கள். தடத்தில் எண்ணெய் ஊற்றியும் கடைசி ஒரு அடி நகர மறுக்கிறது, புதுப் பூட்டு போட்டும் கேட்டை ஒரு கையால் தூக்கிப் பிடித்தால்தான் கொக்கி உள்ளே போகிறது என்கிறீர்கள். தூக்கிப் பிடித்தால் பூட்டுகிறது என்பதே போதும். பழுது பூட்டில் இல்லை, கீழே ரோலரில் இருக்கிறது.

உங்கள் வீட்டில் உள்ளதுபோன்ற கேட்டின் எடை முழுவதையும் தாங்குவது அடியில் ஓடும் ரோலர்கள்தான். மேலே உள்ள தடம் கேட் சாயாமல் பிடித்துக்கொள்வதற்கு மட்டும். பூட்டு பொருத்திய முன்பக்கச் சேனலின் ரோலர் 3, 4 மில்லிமீட்டர் தேய்ந்தாலும் அந்த முனை அதே அளவு இறங்கிவிடும். கொக்கி நேராக இருக்கும், அது நுழைய வேண்டிய துளை மேலே நின்றுவிடும். எந்தப் பூட்டை வாங்கி மாட்டினாலும் இதே கதைதான்.

இதை நீங்களே உறுதிசெய்துகொள்ளலாம். கொக்கியின் முனையில் சாக்பீஸ் தடவி, கேட்டைத் தூக்காமல் மூடி, சாவியைத் திருப்புங்கள். எதிர்த்தகட்டில் துளைக்குக் கீழே வெள்ளை விழுந்தால் கேட் இறங்கியிருக்கிறது என்று பொருள். அதைப் பார்த்தவுடன் துளையை அரத்தால் பெரிதாக்கிவிடாதீர்கள். பலரும் அதைத்தான் செய்கிறார்கள். பின்னால் ரோலரை மாற்றும்போது கேட் மேலே ஏறும், கொக்கி அகலத் துளையில் ஆடும், கம்பியை விட்டு நெம்புவதற்கும் இடம் கிடைத்துவிடும்.

அந்தக் கடைசி ஒரு அடி வேறு விஷயம். எப்போதும் ஒரே இடத்தில் சிக்கினால் குறை தடத்தில். எங்கே இழுத்தாலும் சிக்கினால் ரோலரில். ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே சீராகக் கனத்தால் குறுக்குப் பட்டைகளின் ரிவிட்டுகளில். பொங்கலுக்குப் பெயின்ட் அடித்த பிறகு கேட் கனத்துவிட்டது என்று சொல்பவர்கள் இந்தக் கடைசி வகை. பட்டைகளுக்கு இடையில் பெயின்ட் இறங்கி ஒட்டிக்கொள்கிறது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு ஒவ்வொரு ரிவிட்டிலும் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு, கேட்டைப் பலமுறை திறந்து மூடினால் போதும்.

உங்களுடையது தடம். கேட்டை முழுதும் மடக்கிவிட்டு, வெளியே தெரியும் அந்த ஒரு அடியை உட்கார்ந்து பாருங்கள். தரை துடைக்கும் தண்ணீரோடு வரும் மண் சுவரோரத்தில்தான் தங்கி இறுகும். டைல்ஸ் போட்டபோது சிந்திய சிமென்ட்டும் இருக்கலாம். பழைய ஸ்க்ரூடிரைவரால் சுரண்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உலர்ந்த துணியால் துடையுங்கள். வராந்தாவில் ஸ்கூட்டர் ஏற்றுகிறீர்கள் என்றால் சக்கரம் மோதித் தடத்தின் ‘டி’ இரும்பு ஒரு பக்கம் சாய்ந்திருக்கவும் கூடும். மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டி நிமிர்த்தலாம். தடத்தில் எண்ணெயோ கிரீஸோ வேண்டாம். நீங்கள் ஊற்றிய எண்ணெய்தான் தூசியைப் பிடித்துக் களியாக்கி வைத்திருக்கிறது. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அதை வழித்தெடுங்கள்.

அடுத்து ரோலர். இதற்கு இரண்டு பேர் வேண்டும். கேட்டைப் பாதி மூடிய நிலையில், முன்சேனலுக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து, ரோலர் தடத்தை விட்டு நகக்கண் அளவு எழும்பும்படி ஒருவர் நெம்பிப் பிடிக்கட்டும். அதற்கு மேல் தூக்கினால் மேல்முனை தடத்தில் முட்டி வளையும். இன்னொருவர் குச்சியால் ரோலரைச் சுற்றிப் பார்க்கட்டும். விரலை விட வேண்டாம். சுற்றவில்லை என்றால் அச்சில் முடியும் நூலும் சுற்றிக்கொண்டிருக்கும். அவற்றை எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, காய்ந்த பின் அச்சில் மட்டும் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம்.

ரோலரின் ஓர் இடம் தட்டையாகத் தேய்ந்திருந்தாலோ, பக்கவாட்டில் ஆடினாலோ கழுவிப் பயனில்லை. சுற்றாமல் நின்ற ரோலரைத் தடத்தின் மேல் இழுத்துக்கொண்டே இருந்ததால் வந்த தேய்மானம் அது, மாற்றத்தான் வேண்டும். பழையதைக் கழற்றி ஹார்டுவேர் கடைக்குக் கையோடு எடுத்துப் போங்கள். விட்டமும் பள்ளத்தின் அகலமும் ஒத்துப்போக வேண்டும். பள்ளம் குறுகலாக இருந்தால் ரோலர் ‘டி’ இரும்பைக் கவ்விக்கொண்டு மறுபடி சிக்கும்.

ரோலர் மாற்றிய பிறகு சாக்பீஸ் சோதனையை மீண்டும் செய்யுங்கள். அப்போதும் குறி கீழே விழுந்தால் மட்டும் எதிர்த்தகட்டை இறக்கிப் பொருத்தச் சொல்லலாம். சாவித்துளைக்குள் எண்ணெய் விடாமல் கிராஃபைட் தூளைத் தூவுங்கள்.

ரோலர் மாற்ற வரும் வெல்டரிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுங்கள். வேலை சீக்கிரம் முடியும் என்று ரோலர் அச்சைச் சேனலோடு வெல்டு வைக்கப் பார்ப்பார். அச்சுக்குப் பதில் போல்ட்டும் இரட்டை நட்டும் போடச் சொல்லுங்கள். அடுத்த முறை கிரைண்டர் இல்லாமல் ஸ்பேனராலேயே கழற்றிவிடலாம்.

அன்புடன்,
உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதுபவன்