‘கவனம் தேவை’ என்று எழுதாமல் வேறு என்ன எழுதலாம்?

கேள்வி: திருவொற்றியூரில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை நான். ரேங்க் கார்டில் ‘கணக்கில் கவனம் தேவை’ என்று எழுதினால் பெற்றோர் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். சிலர் பிள்ளையை அடிக்கவும் செய்கிறார்கள். வேறு எப்படி எழுதுவது?

பதில்: ‘கவனம் தேவை’ என்றால், பிள்ளை விளையாட்டுத்தனமாக இருக்கிறாள் என்றுதான் அப்பாவுக்குப் புரியும். அடி விழுவது அதனால்தான். எழுத உட்காரும் முன் விடைத்தாளைத் திறந்து, தவறு எந்த இடத்தில் நடக்கிறது என்று பாருங்கள்.

ஒரு மாணவி 502-லிருந்து 178-ஐக் கழித்து 476 என்று எழுதியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். 2-ல் 8 போகாது என்றதும் 8-லிருந்து 2-ஐக் கழித்து 6 போட்டிருக்கிறாள். அடுத்து 7-ல் 0 போக 7. கடைசியில் 5-ல் 1 போக 4. மேலே எது, கீழே எது என்று பார்க்காமல் பெரிய எண்ணிலிருந்து சின்னதைக் கழிக்கிறாள். அவள் கவனமாகத்தான் போட்டிருக்கிறாள். கடன் வாங்குவது மட்டும் பிடிபடவில்லை. வேறு இரண்டு கணக்குகளிலும் இதே தவறு இருந்தால் தாராளமாக எழுதலாம். ஒன்றில் மட்டும் என்றால் கைத்தவறாக இருக்கலாம், விட்டுவிடுங்கள்.

நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்: ‘கூட்டல் கணக்குகளைத் தடுமாறாமல் போடுகிறாள். கழித்தலில் கடன் வாங்கும் இடத்தில் மட்டும் தவறு வருகிறது. வகுப்பில் மறுபடி சொல்லித் தருகிறேன். வீட்டில் தினமும் ஒரு கழித்தல் கணக்கு போடச் சொல்லுங்கள். வந்த விடையோடு கழித்த எண்ணைக் கூட்டினால் முதல் எண் திரும்ப வர வேண்டும்.’

476-ஐயும் 178-ஐயும் கூட்டினால் 654 வரும், 502 வராது. விடை தப்பு என்று அவளே கண்டுபிடித்துவிடுவாள். அம்மாவுக்குக் கழித்தல் தெரியாவிட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்தாலே போதும். பாராட்டையும் பாருங்கள்: அவளுக்குக் கைவந்த கூட்டல்தான் இங்கே உதவிக்கு வருகிறது. ‘நல்ல பெண்’ என்று எழுதியிருந்தால் அதை வைத்து வீட்டில் எதுவும் செய்ய முடியாது.

எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். காசிமேட்டில் அப்பா விசைப்படகில் கடலுக்குப் போயிருக்கும் நாளில், படிக்கத் தெரியாத அம்மாவுக்கு அந்தப் பிள்ளையோ பக்கத்து வீட்டு அக்காவோதான் கார்டைப் படித்துக் காட்டுவார்கள். அதனாலேயே சில விஷயங்களைக் கார்டில் எழுதவே கூடாது. காசு எடுத்தது, வீட்டுச் சண்டை, கரும்பலகை தெரியவில்லையோ என்ற சந்தேகம் எல்லாம் நேரில் சொல்ல வேண்டியவை. கண் விஷயத்துக்குக் கார்டு தரும் நாள்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

நாற்பது பேருக்கும் இப்படி ஒரே ராத்திரியில் எழுத முடியாது. நோட்டுத் திருத்தும்போதே தினம் இரண்டு பேரைப் பற்றி ஒரு வரி குறித்து வையுங்கள். அடுத்த பருவக் கார்டில் அந்தப் பெண்ணுக்கு எழுதும்போது, கடன் வாங்கிக் கழிப்பது இப்போது எப்படி இருக்கிறது என்பதை முதல் வரியாக எழுதுங்கள்.