நெல்லா, வேர்க்கடலையா? உற்பத்தி வாய்ப்பு வளைகோடு பற்றிய ஒரு பாடம்

"நெல்லும் கூட விளைய வேண்டும், வேர்க்கடலையும் கூட விளைய வேண்டும்" என்பது சங்கக் கூட்டங்களில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு. இரண்டும் ஒருசேரக் கூடுமா? பொருளாதார நூலார் கூறும் உற்பத்தி வாய்ப்பு வளைகோடு இதற்கு விடை தருகிறது.

செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரக் கடற்கரை நோக்கிச் செல்வோர் மண் மாறுவதைக் காண்பர். ஏரிப் பாய்ச்சலில் களிமண் நஞ்சை, மேட்டில் செம்மண், கரையோரத்தில் மணல். ஒரு சங்கத்தாருக்கு இம்மூன்றிலும் பத்துப் பத்து ஏக்கர் உண்டென வைத்துக்கொள்வோம். பின்வரும் எண்கள் விளக்கத்திற்காக நாம் அமைத்தவை.

களிமண்: நெல் 200 மூட்டை அல்லது கடலை 40.
செம்மண்: நெல் 120 அல்லது கடலை 80.
மணல்: நெல் 40 அல்லது கடலை 120.

எல்லாவற்றிலும் நெல்லிட்டால் 360 மூட்டை நெல். மணலை மட்டும் கடலைக்கு மாற்றினால் நெல் 320, கடலை 120. செம்மண்ணையும் மாற்றினால் நெல் 200, கடலை 200. களிமண்ணையும் மாற்றினால் நெல் இல்லை, கடலை 240. கடலையைப் படுக்கைக் கோட்டிலும் நெல்லை நிமிர்கோட்டிலும் குறித்து, இந்நான்கு புள்ளிகளையும் இணைத்தால் வெளிப்புறம் வளைந்த கோடு கிடைக்கும். ஒரு மூட்டை கடலைக்காக நாம் இழக்கும் நெல் மணலில் மூன்றில் ஒரு மூட்டை, செம்மண்ணில் ஒன்றரை மூட்டை, களிமண்ணில் ஐந்து மூட்டை. இழப்பு இவ்வாறு ஏறிக்கொண்டே போவதால்தான் கோடு வளைகிறது.

கோட்டின் மேல் நிற்பவர் ஒன்றைக் குறைத்தே மற்றதைக் கூட்ட முடியும். உள்ளே நிற்பவரோ ஒன்றையும் குறைக்காமல் மற்றதைக் கூட்டலாம். அப்படிக் கூட்ட முடிவதே உள்ளே நிற்பதற்கு அடையாளம். மதகு ஒழுகினாலும், விதைக்கடன் பருவம் தவறி வந்தாலும் நாம் உள்ளே விழுவோம். சோம்பல் இல்லாமலும் விழலாம். களிமண்ணில் கடலையும், மற்ற இரண்டில் நெல்லும் இட்டால் நெல் 160, கடலை 40 மட்டுமே. உழைப்பில் குறையில்லை, பயிரை இட்ட இடமே தவறு.

கோட்டிற்கு அப்பால், அதாவது நெல் 320, கடலை 200 என்ற விளைவு, இன்றுள்ள நிலத்தாலும் விதையாலும் எட்டாது. கோடே நகர வேண்டும். திண்டிவனத்திலிருந்து 1940-இல் வெளிவந்த டி.எம்.வி. 2 போன்ற நல்ல கடலை விதை அதை நகர்த்தும். ஆனால் கடலைப் பக்கம் மட்டுமே நகரும். நெல் மட்டும் இடுவோருக்கு அதே 360 மூட்டைதான்.

கோட்டில் எந்தப் புள்ளியில் நிற்பது என்பதை விலையே தீர்மானிக்கும். ஒரு மூட்டை கடலைக்கு இரண்டு மூட்டை நெல் கிடைத்தால், மணலையும் செம்மண்ணையும் கடலைக்கு விடுவது லாபம். களிமண்ணை விடுவது நட்டம். அப்போது விளையும் 200 மூட்டை கடலையில் 100-ஐ விற்று 200 மூட்டை நெல் வாங்கினால், கையில் நெல் 400, கடலை 100. வண்டிச்சத்தமும் தரகும் போக மீதம் சற்றுக் குறையலாம். எனினும் முப்பது ஏக்கரும் சேர்ந்து விளைவிக்க முடியாத அளவு நெல் களஞ்சியத்தில் இருக்கும். உற்பத்தியால் எட்டாத இடத்தைப் பண்டமாற்று இவ்வாறு எட்டுகிறது. விலை மாறிய ஆண்டில் இக்கணக்கை மறுபடியும் போட வேண்டும்.