ஆய்வகத்திலிருந்து கம்பெனிக்கு: முனைவர் பட்டதாரிகள் சி.வி.யை மாற்றி எழுதச் சில குறிப்புகள்

உதவிப் பேராசிரியர் பணிக்கு அனுப்பிய அதே பதினான்கு பக்க சி.வி.யை மருந்து கம்பெனிக்கும் அனுப்பிவிட்டு, பதிலே வரவில்லை என்று வருந்துபவர்கள் உண்டு. கல்லூரியில் அந்த சி.வி.யைப் பார்ப்பவர் கட்டுரைகளை எண்ணுவார். கம்பெனியில் பார்ப்பவர், தன் லேபில் காலியாக இருக்கும் இடத்தில் உட்கார்ந்து இவர் வேலை செய்வாரா என்று மட்டுமே தேடுவார்.

உதாரணத்துக்கு ஒருவரை வைத்துக்கொள்வோம். நிலத்தடி நீரில் கார்பமேட் வகைப் பூச்சிக்கொல்லி எச்சங்களை எச்.பி.எல்.சி. கருவியால் அளந்து வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். ஹைதராபாத்தில் ஒரு மருந்து நிறுவனத்தின் ‘அனலிட்டிகல் ஆர் அண்ட் டி’ பிரிவுக்கு விண்ணப்பிக்கிறார். அவர் கையில் இருக்கும் சி.வி.யை ரெஸ்யூமேவாக மாற்றுவோம். ரெஸ்யூமே ஆங்கிலத்தில்தான் போகும். இங்கே பொருளை மட்டும் தமிழில் சொல்கிறேன்.

1. முதலில் விளம்பரத்தைத் தாளில் அச்செடுத்து, அதில் சொல்லியிருக்கும் வேலைகளை மட்டும் அடிக்கோடிடுங்கள். நம் உதாரண விளம்பரத்தில் ஐந்து இருக்கின்றன: மெத்தட் டெவலப்மென்ட், மெத்தட் வேலிடேஷன், ஸ்டெபிலிட்டி மாதிரிகளின் சோதனை, கருவிக் கோளாறுகளைச் சரிசெய்தல், ஆவணங்கள் எழுதுதல். ஒவ்வொன்றின் எதிரிலும் ‘ஆய்வில் இதை எங்கே செய்தேன்’ என்று பென்சிலால் எழுதிப் பாருங்கள். நம்மவருக்கு ஸ்டெபிலிட்டி மட்டும் வெற்றாக இருக்கும், மற்ற நான்குக்கும் விஷயம் உண்டு. ஐந்தில் மூன்று வெற்றாக இருந்தால் அந்த விளம்பரத்தை விட்டுவிட்டு வேறு பாருங்கள். ரெஸ்யூமேவை எவ்வளவு மெருகேற்றினாலும் அந்த மூன்று இடமும் நிரம்பாது.

2. ரெஸ்யூமேவுக்கான சரக்கு ஆய்வேட்டின் செய்முறை அத்தியாயத்தில் இருக்கிறது. நாம் பழக்கத்தில் கட்டுரைப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு எழுத உட்கார்கிறோம். அது முடிவுகளைச் சொல்லும். கையால் என்ன செய்தோம் என்று சொல்லாது. கம்பெனிக்கு வேண்டியது இரண்டாவதுதான்.

பழைய சி.வி.யில் நம்மவர் எழுதியிருந்தது ஒரே வரி: ‘நிலத்தடி நீரில் கார்பமேட் பூச்சிக்கொல்லிகளை ஒருங்கே கண்டறியும் முறை: ஆய்வேட்டுத் தலைப்பு’. மருந்து கம்பெனிக்காரர் ‘நீர்’, ‘பூச்சிக்கொல்லி’ என்ற இரண்டு சொற்களைப் பார்த்ததும் நமக்கு ஆகாதவர் என்று புரட்டிவிடுவார். செய்முறை அத்தியாயத்தைத் திறந்தால் கதை வேறு. சி-18 காலத்தைத் தேர்ந்தெடுத்தது, மொபைல் ஃபேஸில் அசிட்டோநைட்ரைல் விகிதத்தை மாற்றி மாற்றிப் பார்த்தது, ஒட்டிக்கொண்டு வந்த இரண்டு பீக்குகளைப் பிரித்தது, கடைசியில் அந்த முறையை வேலிடேட் செய்தது. மருந்து மாத்திரையில் மாசுப்பொருளைத் தேடுபவர் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான். பல பொருள்கள் கலந்து கிடக்கும் இடத்தில், மிகக் குறைந்த அளவில் இருக்கும் ஒன்றைப் பிரித்து அளக்க வேண்டும். எனவே புதிய வரிகள் இப்படி வரும்:

‘பல சேர்மங்கள் கலந்த மாதிரியில் மிகக் குறைந்த அளவிலுள்ள ஆறு பொருள்களைப் பிரித்தளக்கும் ரிவர்ஸ் ஃபேஸ் எச்.பி.எல்.சி. முறையை உருவாக்கினேன், ஓட்ட நேரத்தை 28 நிமிடத்திலிருந்து 12 நிமிடமாகக் குறைத்தேன்.’

‘அந்த முறையை லீனியாரிட்டி, அக்யூரசி, பிரிசிஷன், கண்டறியும் எல்லை, அளவிடும் எல்லை ஆகியவற்றுக்கு வேலிடேட் செய்தேன்.’

பூச்சிக்கொல்லியை மறைக்க வேண்டாம். அது கல்விப் பகுதியில் ஆய்வேட்டுத் தலைப்பாக அப்படியே இருக்கட்டும். முதலில் கண்ணில் படுவது வேலையாக இருந்தால் போதும்.

3. எண்களை நினைவிலிருந்து எழுதாதீர்கள், லாக் புக்கிலிருந்து எடுங்கள். கருவிக்குப் பக்கத்தில் தொங்கும் அந்த நோட்டில் எந்தத் தேதியில் எத்தனை மாதிரி ஓட்டினீர்கள் என்பது உங்கள் கையெழுத்திலேயே இருக்கும். லேபை விட்டுக் கிளம்புமுன் உட்கார்ந்து கூட்டி வையுங்கள். பிறகு போய்க் கேட்பது சிரமம். ஒரு எண்ணிலிருந்து இன்னொன்றும் பிறக்கும். ஓட்ட நேரம் 16 நிமிடம் குறைந்தது, நிமிடத்துக்கு 1 மில்லிலிட்டர் ஓட்டம் என்றால், ஒவ்வொரு இன்ஜெக்‌ஷனுக்கும் 16 மில்லிலிட்டர் கரைப்பான் மிச்சம். கல்லூரியில் யாரும் கேட்காத கணக்கு இது. கரைப்பானைப் பீப்பாய் பீப்பாயாக வாங்கும் இடத்தில் கேட்பார்கள்.

கொள்முதல் கோப்பையும் புரட்டிப் பாருங்கள். மூன்று கம்பெனிகளிடம் கொட்டேஷன் வாங்கி, ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு, காலமும் ரசாயனமும் வாங்கித் தந்தது பெரும்பாலும் நீங்கள்தான். நெறியாளர் கையெழுத்து மட்டும் போட்டிருப்பார். அதுவும் ஒரு வரிக்குத் தகும்.

4. எழுதும் ஒவ்வொரு வரியும் மூன்று கேள்விகளைத் தாங்க வேண்டும். ‘வேலிடேஷன் செய்தேன்’ என்று எழுதினால் நேர்காணலில் முதல் கேள்வி, எந்த வழிகாட்டுதலின்படி என்பதாக இருக்கும். மருந்துத் துறையில் அது ஐ.சி.எச். க்யூ-2. நீங்கள் பின்பற்றியது வேறு ஒன்றானால் அதைச் சொல்லிவிட்டு, க்யூ-2 கேட்பவற்றில் எவையெல்லாம் அதில் அடங்கின என்று சொல்லத் தெரிய வேண்டும். இரண்டாவது கேள்வி, சிஸ்டம் சூட்டபிலிட்டியில் என்னென்ன பார்த்தீர்கள்? டெய்லிங், தியரிட்டிகல் பிளேட், திரும்பத் திரும்பச் செலுத்தியபோது பீக் பரப்பில் வந்த ஆர்.எஸ்.டி. சதவீதம் என்று எண்களோடு வர வேண்டும். மூன்றாவது, ஒருநாள் அது தவறியபோது என்ன செய்தீர்கள்? மூன்றுக்கும் பதில் இருந்தால் வரி நிற்கட்டும். இரண்டோடு நின்றுவிட்டால் ‘வேலிடேட் செய்தேன்’ என்பதை ‘வேலிடேஷனில் பங்கெடுத்தேன்’ என்று இறக்குங்கள்.

பல்கலைக்கழக லேபில் வேலை செய்துவிட்டு ‘ஜி.எம்.பி. அனுபவம்’ என்று எழுதவே கூடாது. கம்பெனி லேபில் பீக்கை ஒருமுறை திருத்தினாலும் யார், எப்போது, ஏன் என்று மென்பொருளில் தடம் பதியும். நம் லேபில் அப்படி யாரும் கேட்பதில்லை. இந்த வித்தியாசத்தை நன்றாக அறிந்தவர்தான் எதிரே உட்கார்ந்திருப்பார். ‘ஜி.எம்.பி. தேவைகள் பற்றிய பயிற்சி பெற்றேன்’ என்பது, பெற்றிருந்தால், போதுமானது.

5. ஆய்வு செய்த ஐந்து வருடத்தைக் கல்விப் பகுதியில் ஒரே வரியாக மடித்துவிட்டால் ஹெச்.ஆர். உங்களைப் புதுசு என்று வகைப்படுத்துவார். அனுபவப் பகுதியில் ‘முனைவர் பட்ட ஆய்வாளர்’ என்ற தலைப்பில், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்று போட்டு, இரண்டாம் குறிப்பில் சொன்ன வரிகளை அதன் கீழே எழுதுங்கள். ஜே.ஆர்.எஃப்., எஸ்.ஆர்.எஃப். உதவித்தொகை இருந்தால் அதையும் சேர்க்கலாம். ஆனால் அதை வேலை என்றோ பதவி என்றோ காட்டாதீர்கள். பின்னணிச் சரிபார்ப்பில் சம்பளச் சீட்டு, பி.எஃப். கணக்கு, ரிலீவிங் லெட்டர் கேட்பார்கள். உதவித்தொகைக்காரரிடம் இவை இருக்காது. உதவித்தொகை வழங்கிய கடிதத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் சான்று.

ஆய்வேடு கொடுத்தும் வாய்மொழித் தேர்வு முடியாதவர்கள் ‘சமர்ப்பித்தது இந்த மாதம், வாய்மொழித் தேர்வை எதிர்நோக்கி’ என்றே எழுதுங்கள். பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ அதற்குப் பிறகு வரட்டும்.

6. கட்டுரைகள் ஒரே வரியில் அடங்கும்: ‘ஆறு கட்டுரைகள், அவற்றில் மூன்றில் முதல் ஆசிரியர்’. கூடவே கூகுள் ஸ்காலர் அல்லது ஆர்சிட் இணைப்பு. வேலைக்கு நேராகத் தொடர்புள்ள ஒன்றிரண்டின் தலைப்பைக் கொடுக்கலாம். இம்பாக்ட் ஃபேக்டர், ஹெச்-இன்டெக்ஸ் வேண்டாம். புதிய மருந்து மூலக்கூறு தேடும் ஆராய்ச்சிப் பிரிவுக்கு விண்ணப்பித்தால் மட்டும் முழுப் பட்டியலைத் தனித்தாளாக இணைக்கலாம்.

காப்புரிமையில் கவனம் தேவை. விண்ணப்பித்தது, வெளியிடப்பட்டது, வழங்கப்பட்டது மூன்றும் வேறு வேறு. இந்தியாவில் விண்ணப்பம் பொதுவாக 18 மாதத்துக்குப் பிறகு வெளியிடப்படும்; அது காப்புரிமை கிடைத்ததற்கு அடையாளம் அல்ல. ‘பேட்டன்ட் பப்ளிஷ்ட்’ என்பதைக் காப்புரிமை என்று எழுதினால் எண்ணைப் போட்டுப் பார்த்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

7. தயங்காமல் வெட்ட வேண்டியவை: தந்தை பெயர், பிறந்த தேதி, திருமண நிலை, மதம், பாஸ்போர்ட் எண், பத்தாம் வகுப்பு மதிப்பெண், ‘மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை’ என்ற உறுதிமொழி, கையெழுத்து, இடம், நாள். வெபினார் சான்றிதழ்களும் போகட்டும். கொரோனா காலத்தில் சேர்ந்தவை சிலரிடம் இரண்டு பக்கத்துக்கு இருக்கின்றன! மாநாடுகளில் பேசியதில் ஒன்றை வையுங்கள். எம்.எஸ்சி. மாணவர்களின் புராஜெக்டை வழிநடத்தியது இருக்கலாம். ஆள் பழக்கத் தெரிந்தவர் என்பதற்கு அது ஒன்றுதான் உங்களிடம் உள்ள அத்தாட்சி.

8. மேலே மூன்று வரிச் சுருக்கத்தைக் கடைசியாக எழுதுங்கள். ‘சவாலான சூழலில் என் திறமையை வளர்த்துக்கொள்ள’ என்று தொடங்கும் குறிக்கோள் வாக்கியம் யாருக்கும் எதையும் சொல்வதில்லை. பதிலாக: ‘பகுப்பாய்வு வேதியியலாளர், முனைவர். எச்.பி.எல்.சி. முறைகளை உருவாக்கி வேலிடேட் செய்வதில் ஐந்து ஆண்டு ஆய்வகப் பயிற்சி. மாசுப்பொருள் பகுப்பாய்வில் பணியாற்ற விருப்பம்.’ அவ்வளவுதான்.

9. மொத்தம் இரண்டு பக்கம். இரண்டு பத்தியாகப் பிரித்த அழகான டெம்ப்ளேட், கட்டத்துக்குள் கட்டம், நட்சத்திரம் போட்டுத் திறமையை அளக்கும் படம் எதுவும் வேண்டாம். பெரிய நிறுவனங்களில் மனிதர் பார்க்குமுன் மென்பொருள் அதைப் படித்துத் தகவலைப் பிரித்தெடுக்கலாம். அது எப்படிப் படிக்கும் என்று வீட்டிலேயே சோதிக்க வழி உண்டு. பி.டி.எஃப். கோப்பைத் திறந்து `Ctrl+A`, `Ctrl+C` அழுத்தி, நோட்பேடில் ஒட்டுங்கள். வரிகள் வரிசை மாறாமல், தேதிகள் அந்தந்த இடத்தில் இருந்தால் சரி. தொலைபேசி எண் பாதியில் உடைந்தோ, இடதுபுறப் பத்தியும் வலதுபுறப் பத்தியும் ஒன்றோடொன்று கலந்தோ வந்தால் வடிவத்தை மாற்றுங்கள். கருவிகளின் பெயரைச் சுருக்கமாகவும் முழுமையாகவும் ஒருமுறையாவது எழுதுங்கள். தேடுபவர் எதைத் தட்டச்சு செய்வார் என்று நமக்குத் தெரியாது.

10. பழைய சி.வி.யை அழித்துவிடாதீர்கள். நாளைக்கே உதவிப் பேராசிரியர் விளம்பரம் ஒன்று வந்தால், இங்கே வெட்டிய கட்டுரைப் பட்டியலும் மாநாடுகளும் அங்கே மதிப்பெண்ணாக எண்ணப்படும். அதைத் தனிக் கோப்பாக வைத்து, ஒவ்வொரு விளம்பரத்துக்கும் அதிலிருந்தே புதிய இரண்டு பக்கத்தை எடுங்கள். நெறியாளரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கம்பெனிக்காரர் அவரை அழைத்து விசாரிக்கும்போது, நீங்கள் வேலை தேடுவதே அவருக்கு அப்போதுதான் தெரிய வரக்கூடாது.